ரத்தக் கோளாறுள்ள குழந்தைக்கு மாற்றுத்திறனாளி அட்டை: எந்தக் காகிதத்துக்கு என்ன கிடைக்கும்?

என் பையனுக்கு ஹீமோபிலியா ஏ. கடுமையான வகை. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் பேக்டர் அவன் உடம்பில் 1 சதவீதத்துக்கும் கீழே. தவழ ஆரம்பித்த நாட்களில் முழங்காலில் நீலம் நீலமாகக் கட்டிக்கொண்டு வந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். இந்தப் பதினைந்து வருஷத்தில் டே கேர் வார்டில் பேக்டர் ஊசிக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் பக்கத்துக் கட்டில் குடும்பங்களோடு பேசிப் பேசி, எந்த ஆபீசில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்பது மனப்பாடமாகிவிட்டது.

போன வருஷம் அப்படிப் பழக்கமானது, தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்துக் குடும்பம். 6 வயதுப் பெண் குழந்தை, தலசீமியா மேஜர், அதாவது திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்ற வேண்டிய வகை. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். நான் அட்டை எடுக்கச் சொன்னதும் அந்தப் பெண்ணின் அம்மா கேட்டாள்: "கை கால்ல ஒரு குறையும் இல்லையேக்கா. இவளுக்கு எப்படி அந்த அட்டை தருவாங்க?"

எல்லாருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. ரத்தம் சம்பந்தமாக எதுவும் கிடையாது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. அதில் மூன்று ரத்தக் கோளாறுகள்: ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு நோய். 2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பேர் இருப்பதாலேயே எல்லாச் சலுகையும் கிடைத்துவிடாது. சில சலுகைகளுக்கு 40 சதவீதம் ஊனம் என்று சான்று வேண்டும். சிலவற்றுக்கு அந்த அட்டையே வேண்டாம், ஆஸ்பத்திரி டாக்டர் தரும் தனிக் கடிதம் போதும். ஒன்றிரண்டு சலுகைகள் ரத்தக் கோளாறுக்குக் கிடையவே கிடையாது. எது எந்த வகை என்று தெரியாததால்தான் பாதிப் பேர் அலைகிறார்கள். அரூர்க் குடும்பத்தை வைத்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நோய்க்கான காகிதங்கள்

அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்னால் கையில் ஒரு பைல் இருக்க வேண்டும். அதில் முதல் காகிதம், நோயை உறுதிசெய்த பரிசோதனை. தலசீமியாவுக்கு அது எச்பிஎல்சி என்ற ஹீமோகுளோபின் பரிசோதனை. முதல் முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்த அறிக்கையாக இருந்தால் நல்லது. ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால், தானம் கொடுத்தவருடைய ஹீமோகுளோபினும் கலந்து தெரியும். அறிக்கை குழப்பமாக வரும். அரூர்ப் பெண்ணுக்கு அதுதான் நடந்திருந்தது. ஒன்றரை வயதில் வெளுத்துப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் அவசரமாக ரத்தம் ஏற்றிவிட்டு, சோதனையைப் பிறகுதான் எடுத்தார்கள். இப்படி ஆகிவிட்டால் அப்பா அம்மா இருவருக்கும் எச்பிஎல்சி எடுத்து, குழந்தைக்கு மரபணுச் சோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள். அந்த மூன்று அறிக்கையும் பைலில் இருக்கட்டும்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். அப்பா அம்மாவின் அறிக்கையில் 'தலசீமியா டிரெய்ட்' அல்லது 'மைனர்' என்று வரும். அது நோய் இல்லை, நோயைக் கடத்தும் நிலை. அதை வைத்து அட்டைக்கு விண்ணப்பித்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹீமோபிலியாவுக்கு அடிப்படைக் காகிதம் பேக்டர் அளவுச் சோதனை. 1 சதவீதத்துக்குக் கீழே என்றால் கடுமையானது, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை லேசானது. கூடவே இன்ஹிபிட்டர் சோதனை, அதாவது போடும் பேக்டரை உடம்பே எதிர்த்து அழிக்கிறதா என்று பார்க்கும் சோதனை.

அப்புறம் நாட்குறிப்பு. இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் பரிசோதித்து ஊனச் சதவீதம் போடும் மருத்துவ போர்டில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் இல்லை. ஒரு சாதாரண நோட்டு போதும். தலசீமியா என்றால் ரத்தம் ஏற்றிய தேதி, ஏற்றும் முன் ஹீமோகுளோபின் எவ்வளவு, எத்தனை மில்லி ஏற்றினார்கள், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச் சத்தைக் காட்டும் பெரிட்டினின் அந்த மாதத்து அளவு. ஹீமோபிலியா என்றால் எந்த மூட்டில் ரத்தம் கசிந்தது, எத்தனை யூனிட் பேக்டர் போட்டார்கள், எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை.

அரூர்ப் பெண்ணின் எடை 18 கிலோ. ஒரு கிலோவுக்கு 15 மில்லி கணக்கில் ஒவ்வொரு முறையும் 270 மில்லி, ஏறத்தாழ ஒரு பை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை. வருஷத்துக்கு 17 முறை ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு 17 நாள் கூலி போகிறது, அம்மாவும் கூட வந்தால் 34 நாள். நோட்டில் எழுதிக் கூட்டியபோதுதான் அவர்களுக்கே இது உறைத்தது.

விண்ணப்பம்

யுடிஐடி என்று சொல்கிற தேசிய அடையாள அட்டைக்கு www.swavlambancard.gov.in தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். ஆதார், முகவரிச் சான்று, சமீபத்திய பாஸ்போர்ட் அளவுப் படம், ஓடிபி வரும் செல்போன் நம்பர் இவைதான் தேவை. குழந்தை என்றால் பெற்றோர் விவரமும் சேர்க்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள். இரண்டு, ஊன வகை கேட்கும் இடம். மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி பழக்கதோஷத்தில் 'கை, கால் குறைபாடு' என்பதை அழுத்திவிடுவார். தலசீமியா, ஹீமோபிலியா என்று தனித்தனியாக அதே பட்டியலில் கீழே இருக்கும். நம் நோயைத்தான் தேர்ந்தெடுக்கிறாரா என்று திரையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறான வகை போனால் எலும்பு டாக்டர் முன்னால் போய் நிற்பீர்கள். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்புவார்.

கடைசியில் எந்த ஆஸ்பத்திரியில் பரிசோதனை என்று கேட்கும். குழந்தைநல மருத்துவரோ பொது மருத்துவத் துறையோ இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் போடுவது நல்லது. ரத்த நோய் தெரிந்தவர் போர்டில் இருக்க வாய்ப்பு அதிகம். அரூர்க் குடும்பம் தர்மபுரி மருத்துவக் கல்லூரியைத்தான் போட்டது.

2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தினார்கள். விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்பது இப்போதைய விதி. அட்டையின் நிறமும் அப்போதுதான் மாறியது. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம்.

போர்டு நாள்

இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். பையனை முதல் முறை கூட்டிப்போனபோது அவனுக்கு 8 வயது. முந்தின நாள்தான் பேக்டர் போட்டிருந்தது. நன்றாக ஓடியாடிக்கொண்டு வந்தான். என் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். "நல்லாத்தானே நடக்கிறான்" என்று ஒருவர் சொன்னார். கிடைத்த சதவீதம் 40க்குக் கீழே. சான்றிதழ் வந்தது, பயன் ஒன்றும் வரவில்லை. அவர்மேல் எனக்கு அன்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் பார்க்கும்படி நான் எதையும் கொண்டுபோகவில்லை.

இந்த நோய்கள் வெளியே தெரியாதவை. தலசீமியாக் குழந்தை ரத்தம் ஏற்றிய மறுநாள் ரோஜாப்பூ மாதிரி இருக்கும். முடிந்தால் அடுத்த ரத்தம் ஏற்றும் தேதிக்குச் சற்று முன்னால் போர்டுக்கு நாள் வாங்குங்கள். அதற்காக ஏற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்றும் முன் ஹீமோகுளோபின் 9க்குக் கீழே இறங்க விடக்கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள், போர்டுக்காக அதைக் கெடுத்துக்கொள்வது முட்டாள்தனம்.

போர்டு தன் இஷ்டத்துக்குச் சதவீதம் போடுவதில்லை. மத்திய அரசு 2018 ஜனவரியில் அரசிதழில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலும், 2024 மார்ச்சில் அதைத் திருத்தி வெளியிட்டதும் இருக்கின்றன. ரத்தக் கோளாறுக்கு அதில் தனிப் பகுதி உண்டு. நோய் எவ்வளவு கடுமை, உடம்பில் எந்தெந்த உறுப்பைத் தொட்டிருக்கிறது என்பதுதான் கணக்கின் அடிப்படை. அதனால் உறுப்புகளின் நிலையைக் காட்டும் காகிதங்கள் முக்கியம். தலசீமியாவில் அடிக்கடி ஏற்றும் ரத்தத்தால் இரும்புச் சத்து கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிகிறது. பெரிட்டின் அறிக்கைகள், கல்லீரல் சோதனை, எக்கோ, உயரம் எடைப் பதிவு, தைராய்டு, சர்க்கரை இவையெல்லாம் அதற்காக. ஹீமோபிலியாவில் மூட்டு எக்ஸ்ரேயும், பிசியோதெரபிஸ்ட் அளந்து எழுதித் தரும் மூட்டு அசைவுக் கணக்கும். இரண்டாம் முறை நான் இவற்றோடு போனேன். வலது முழங்கால் முழுசாக நீட்ட வரவில்லை என்று டிகிரிக் கணக்கில் எழுதியிருந்த அந்த ஒற்றைத்தாளைத்தான் போர்டு டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். 40ஐத் தாண்டியது.

சதவீதம் ஒப்புக்கொள்ள முடியாதபடி இருந்தால் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். எந்த அதிகாரியிடம் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அதே பைலைக் கொண்டு மேல்முறையீடு செய்வதில் பயனில்லை. விட்டுப்போன அறிக்கையை எடுத்துச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

சான்றிதழ் வந்ததும் 'நிரந்தரம்' என்றிருக்கிறதா 'தற்காலிகம்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகம் என்றால் ஒரு முடிவுத் தேதி இருக்கும். அது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடியும் வருஷத்தில் வந்து விழுந்தால், கலந்தாய்வு நேரத்தில் செல்லாத அட்டையோடு நிற்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் முன்னாலேயே புதுப்பிக்கக் கிளம்புங்கள்.

அட்டை இல்லாமலே கிடைப்பவை

ரத்தமும் பேக்டரும் முதலில். தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் நோயாளிகளுக்கு அரசு ரத்த வங்கியில் ரத்தத்துக்குக் கட்டணம் கிடையாது. 'மாற்று ரத்தத்துக்கு ஆள் கூட்டிவா' என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. ஹீமோபிலியாவுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பேக்டர் இலவசம். நோயாளி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தை ஊருக்குப் போகும்போதும் எடுத்துப் போங்கள். வெளியூரில் இரவில் மூட்டு வீங்கினால் கேஷுவாலிட்டி டாக்டருக்கு ரத்த வகையையும் பேக்டர் அளவையும் எடையையும் அதுதான் சொல்லும்.

அடுத்தது ரயில். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரயில்வேயின் மாற்றுத்திறனாளிச் சலுகை கை கால், பார்வை, அறிவுத்திறன், காது கேளாமை வகைகளுக்கு மட்டும். யுடிஐடி அட்டையில் தலசீமியா என்று எழுதியிருந்தால் கவுண்டரில் அது செல்லாது. ஆனால் ரயில்வே நோயாளிகளுக்குத் தனியாக 11 வகைச் சலுகை வைத்திருக்கிறது. தலசீமியாவும் ஹீமோபிலியாவும் அதில் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம் தள்ளுபடி. சிக்கிள் செல்லுக்கு 50 சதவீதம்.

இதற்கு வேண்டியது சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி, ரயில்வே சொன்ன படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும் சான்று. சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போய்வரும் பயணத்துக்கு மட்டும் செல்லும். திருப்பதிக்குப் போகக் கிடைக்காது. டிக்கெட்டைக் கவுண்டரில்தான் எடுக்க வேண்டும். அரூர்க் குடும்பம் பெரிய பரிசோதனைகளுக்கு வேலூர் போகும். மொரப்பூரில் ஏறிக் காட்பாடியில் இறங்குவார்கள். இரண்டு வருஷமாக முழு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிவம் இருப்பதே தெரியாது.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒன்று. 1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான விதியில் ஹீமோபிலியாவும் தலசீமியாவும் பெயர் சொல்லியே இருக்கின்றன. சிகிச்சைச் செலவில் 40,000 ரூபாய் வரை, நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1 லட்சம் வரை, வருமானத்திலிருந்து கழிக்கலாம். காப்பீட்டில் திரும்ப வந்த தொகை இதிலிருந்து குறையும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது. ரத்த நோய் நிபுணரின் சீட்டு வேண்டும். 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆனால் 'பழைய 80டிடிபி' என்று சொன்னால் ஆடிட்டருக்குப் புரியும்.

40 சதவீதம் இருந்தால் கிடைப்பவை

படிப்புதான் இதில் பெரியது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. ரத்தக் கோளாறும் இதில் சேர்த்திதான். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. கலந்தாய்வு விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று முதலிலேயே குறிக்க வேண்டும், இடம் ஒதுக்கும் நாளில் அட்டையை நீட்டினால் நடக்காது. மருத்துவப் படிப்புக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. அங்கே சதவீதம் கூடிப்போனாலும் சிக்கல் என்ற நிலை இருந்தது. சதவீதத்தை மட்டும் வைத்துத் தள்ளக்கூடாது, படிப்பைச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பள்ளியில், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி 31ஆம் பிரிவின்படி உரிமை. உதவித்தொகை 9ஆம் வகுப்பிலிருந்து மத்திய அரசுத் தளமான scholarships.gov.in வழியாக வரும். பள்ளிப் படிப்புக்கும் கல்லூரிப் படிப்புக்குமான பொதுவான திட்டத்தில் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முழங்கையில் அடிக்கடி ரத்தம் கசியும் பிள்ளைக்குத் தேர்வில் எழுத்தர், கூடுதல் நேரம் கேட்கலாம். அட்டை மட்டும் போதாது, 'எழுதுவதில் இன்ன சிரமம்' என்று அரசு டாக்டர் தனியே சான்று தர வேண்டும். என் பையனுக்குப் பத்தாம் வகுப்பில் இதை வாங்கினோம். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் கேட்டால் எந்தத் தலைமை ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. நாங்கள் டிசம்பரிலேயே மனு கொடுத்துவிட்டோம்.

பஸ்ஸில், தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணமில்லை.

மத்திய அரசு ஊழியராக இருக்கும் பெற்றோர் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தக் கோளாறுள்ள பிள்ளையைப் பராமரிப்பவர் என்று சுழற்சி முறை இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். அம்மாவுக்கான குழந்தைப் பராமரிப்பு விடுப்பில் 18 வயது என்ற வரம்பு, 40 சதவீத ஊனமுள்ள பிள்ளைக்குப் பொருந்தாது. இதுவரை எடுக்காத நாட்கள் 730க்குள் மீதி இருந்தால் பிறகும் எடுக்கலாம்.

கிடைக்காதவை

இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு என்று எல்லாரும் சொல்வார்கள். சட்டத்தின் 34ஆம் பிரிவு அந்த 4 சதவீதத்தைப் பார்வை, செவி, உடல் இயக்கம், மனநலம் மற்றும் அறிவுத்திறன் வகைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. ரத்தக் கோளாறுக்குப் பங்கு இல்லை. 21 வகையில் சேர்த்துவிட்டு வேலையில் மட்டும் விட்டுவிட்டார்களே என்ற ஆதங்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு.

ஹீமோபிலியாக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்து முழங்காலோ முழங்கையோ நிரந்தரமாகக் கெட்டிருந்தால், அது உடல் இயக்கக் குறைபாடாகவே தனியாக மதிப்பிடத் தக்கது. அந்த வகையில் 40 சதவீதம் வந்தால் வேலை ஒதுக்கீட்டிலும், ரயில்வேயின் மாற்றுத்திறனாளிச் சலுகையிலும் இடம் உண்டா என்று பார்க்கலாம். விண்ணப்பத்தில் இரண்டு குறைபாடுகளையும் குறித்து, எலும்பு மருத்துவரின் மதிப்பீட்டையும் கேட்டு வாங்க வேண்டும். மூட்டு நன்றாக இருக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. தலசீமியாவில் அநேகமாகப் பொருந்தாது.

'நிராமயா' காப்பீட்டுக்கும் போய் நிற்காதீர்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நான்குக்கு மட்டும்.

மாற்றுச் சிகிச்சைக்குப் பணம்

தலசீமியாவுக்கு நிரந்தரத் தீர்வாக எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. செலவு பல லட்சம். இதற்கு அட்டையைவிட உதவுவது, கோல் இந்தியா நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் 2017 முதல் நடக்கும் தலசீமியா பால சேவா திட்டம். ஒரு குழந்தைக்கு 10 லட்சம் வரை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறார்கள். வேலூர் சிஎம்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குழந்தைக்கு 12 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. முக்கியமாக, மஜ்ஜை முழுசாகப் பொருந்தும் தானக்காரர் குடும்பத்தில் வேண்டும்.

உடன்பிறந்த ஒருவருடையது பொருந்த 4இல் 1 வாய்ப்பு. அரூர்ப் பெண்ணுக்கு 3 வயதில் தம்பி ஒருவன் இருக்கிறான். எச்எல்ஏ சோதனைக்கு இருவர் ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார்கள். பொருந்தவில்லை. அன்று சாயங்காலம் அவள் அம்மா போன் செய்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரிக்கா, அடுத்தது என்ன பண்ணணும்?" என்றாள்.

அடுத்தது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ, தாசில்தார் வழியாக வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுப் போய் முடித்துவிட்டார். இந்த வருமானச் சான்று பிறகு உதவித்தொகைக்கும் உதவித்திட்ட மனுவுக்கும் திரும்பத் திரும்பத் தேவைப்படும். ஒரு நகலை ஸ்கேன் செய்து போனில் வைத்திருங்கள்.

18 வயதில்

பிள்ளை 18ஐத் தொடும்போது இரண்டு வேலை வருகிறது. குழந்தைநல வார்டிலிருந்து பெரியவர்கள் வார்டுக்கு மாற வேண்டும். பைலின் முழு நகலையும் பழைய வார்டிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாக அனுப்பிவைப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். இன்னொன்று, வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 40 சதவீதத்துக்கு மேல் இருந்து, வருமானத்துக்கு வழியில்லாதவர்களுக்கு மாதம் 1,500 ரூபாய். தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஒருவர் இருப்பார், மனு அவரிடம் போகும். இ-சேவை மையத்திலேயே போட்டுவிடலாம். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அம்மா பெயரில் உள்ள கூட்டுக் கணக்கைக் கொடுத்தால் பணம் வராமல் நிற்கும். என் பையனுக்கு இப்போதே தபால் ஆபீசில் ஒரு கணக்கு ஆரம்பித்து வைத்திருக்கிறேன்.